சொல்லால் பெருநாளில் நான் சொன்ன "பாதாரா"

1

ஊரில் இதை வாசிக்கும் உங்களுக்கு முதலில் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறேன். கொரியாக்காரர்களின் புத்தாண்டுக்குச் "சொல்லால்" என்று பெயர். முதன்முதலாக என் மகள் மலர் சொன்னபோது, "எந்தச் சொல்லால்?" என்று கேட்டேன். "சொல்லால்தான்மா, பெருநாள் பேரே அதுதான்" என்றாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் தமிழ் காதில் விழுந்தால் விடாது. சொல்லால் வருகிற பெருநாளாக்கும் என்று அப்போது சிரித்துக்கொண்டேன். இந்த வருஷம் அப்படியேதான் ஆனது. ஒரே ஒரு சொல்லால் நான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

நான் அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்து முப்பது வருஷத்தை நெருங்குகிறது. என் வீட்டுக்காரர் இங்கே பிறந்தவர். நியாலாஸ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் லோரி ஓட்டினார். தோட்டத்து வீட்டில் பதினொரு வருஷம் இருந்துவிட்டு ஜாசினுக்குக் குடிவந்தோம். பிள்ளை ஒன்றே ஒன்று, மலர்தான். அவள் வேலை பார்த்த தொழிற்சாலைக்குக் கொரியாவிலிருந்து வந்த என்ஜினியர்தான் என் மருமகன் ஜூன்ஹோ. நாங்கள் ஜூன் என்று கூப்பிடுகிறோம். இருவரும் டுரியான் துங்காலில் வாடகைக்கு இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து கார் ஏறினால் ஒரு பாட்டு சி.டி. முடிவதற்குள் போய்விடலாம்.

2

வேற்று மொழியில் உளறுவது எனக்குப் புதிதல்ல. வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மா காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். இங்கே அது காலைச் சாப்பாடு ஆயிற்றா என்ற விசாரிப்பு. எனக்கு அது தெரியாது. நாம் பட்டினி கிடப்பது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று உள்ளே போய் அழுதேன்.

மலாய் அதைவிட மோசம். தேங்காய்க்குக் "கெலாப்பா", தலைக்குக் "கெப்பாலா". தோட்டத்து முனையில் கடை வைத்திருந்த மலாய்க்கார அம்மாவிடம் போய், உங்கள் தலையைத் துருவிக் கொடுங்கள் என்று ஒரு மாதம் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு நாளும் திருத்தவில்லை. ஒரு தேங்காயை எடுத்துத் துருவி, பையில் கட்டிக் கொடுப்பார். உண்மை தெரிந்ததும் நான் வெட்கப்பட்டு நிற்க, அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். இன்றும் அவரை நினைத்தால் கை கூப்பத் தோன்றும்.

மலரின் கல்யாணப் பதிவுக்கு அலுவலகம் போனபோது முகப்பில் இருந்த பெண் ஜூனின் பெயரைப் பார்த்து, இதில் அப்பா பெயர் எது, பிள்ளை பெயர் எது என்று மூன்று தடவை கேட்டார். குடும்பப் பெயர் முன்னால் வரும் என்று அவன் விளக்கினான். விண்ணப்பப் பாரத்தை மாற்றி எழுதச் சொன்னார். எழுதினோம். அம்மாவின் கடவுச்சீட்டு நகல் ஒன்று கிடைக்குமா என்றார். ஜூன் பேனாவை மூடி வைத்தான். எனக்கு விஷயம் தெரியும். இந்தக் கல்யாணத்தில் அவன் அம்மாவுக்கு இஷ்டமில்லை. நகல் இல்லாமலே பதிவு முடிந்தது. ஜாசின் கோயிலில் தாலி கட்டியபோது மாப்பிள்ளை வீட்டு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

3

போன வருஷம் சொல்லாலுக்கு மலரும் ஜூனும் கொரியாவுக்கே போனார்கள். மருமகளின் முதல் வணக்கத்தை மாமியார் ஏற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜூன் நம்பினான்.

அந்த வணக்கத்துக்குச் "செபே" என்று பெயர். புத்தாண்டுக் காலையில் சின்னவர்கள் பெரியவர்கள் முன்னால் தரையில் விழுந்து கும்பிடுவார்கள். நம் வீட்டில் நாம் என்ன செய்வோம்? "மாமா, இப்படி உட்காருங்க, கும்பிட்டுக்கிறோம்" என்று பெரியவரைப் பிடித்து உட்காரவைப்போம். அங்கே அது கூடாதாம். "உட்காருங்கள்" என்பதும் "என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பதும் பெரியவருக்கு உத்தரவு போடுவது மாதிரி. அதனால் சின்னவர்கள் எதிரே ஒதுங்கி, பேசாமல் நிற்க வேண்டும். பெரியவர் தாமாக வந்து உட்கார்ந்ததும், பேசாமல் விழ வேண்டும்.

மலர் அந்தக் கூடத்தில் நின்றாள். மாமியார் அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நின்றாள், நின்றாள். கடைசியில் அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "வேண்டாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். உட்காரவே இல்லை. விழாமலே திரும்பிவந்தாள் என் மகள்.

"திட்டியிருந்தாக்கூட பரவால்லமா. உட்காரலையே" என்று என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து நான் மாரியம்மனிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. அந்த அம்மாள் ஒரு தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

4

இந்த வருஷம் ஜூனுக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கே சீனப் பெருநாளும் அதே நாள்தான், ஆனால் அந்த இரண்டு நாள் விடுமுறை கொரியாவுக்குப் போய்வரப் போதாது. சம்பந்தியம்மாவே புறப்பட்டு வருகிறார் என்று செய்தி வந்தது. மகனைப் பார்க்கத்தான் வருகிறார், மருமகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றாள் மலர்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. மலர் பயிற்சி செய்வதை நான் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பேன். பெண்கள் வலது கையை இடது கைமேல் வைக்க வேண்டும். ஆண்களுக்கு இடது கை மேலே. மாற்றி வைத்தால் அது துக்க வீட்டு வணக்கம். கைகளை நெற்றிவரை தூக்கி, முகத்தைத் தாழ்த்தி, இடது முழங்காலை முதலில் ஊன்றி, பிறகு வலது. அப்படியே உட்கார்ந்து இடுப்பிலிருந்து குனிய வேண்டும். எழும்போது வலது முழங்கால் முதலில். இத்தனையையும் நடனம் மாதிரி ஆடாமல், அவசரமும் படாமல் செய்ய வேண்டும்.

"மூணு தடவை விழு, கொடிமரத்துக்கு முன்னாடி விழற மாதிரி" என்றேன் நான்.

ஜூன் பதறிவிட்டான். "அத்தே, நோ! ஒன்னு மட்டும். ரெண்டு, செத்தவங்களுக்கு!"

உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம், காலமானவர்களுக்கு இரண்டு. நல்லவேளை கேட்டுக்கொண்டோம்.

"சரி, விழுந்தாச்சு. அப்புறம் என்ன சொல்லணும்? நூறு வருஷம் நல்லா இருக்கணும்னு சொல்லட்டுமே, கொரியாவுல."

அதுவும் கூடாதாம். அதை மலர் விளக்கினாள். "அப்படிச் சொன்னா, நான் அவ்ளோ கிழவியாயிட்டேனான்னு தோணுமாம்மா. எதுவுமே சொல்லாம இருக்கணும். விழறதே வாழ்த்துதான். வாய் திறந்து வாழ்த்தறது பெரியவங்க வேலைலா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்த்த வயதில்லை என்று நம் கல்யாண மேடைகளில் சொல்லிக் கும்பிடுவார்களே, அதையேதானே இவர்கள் வாயே திறக்காமல் செய்கிறார்கள்! எவ்வளவு தூரத்தில் இருக்கிற ஜனங்கள்!

பெரியவர் சொல்லும் அந்த வாழ்த்துக்குத் "தொக்தாம்" என்று பெயர். அது வரும்வரை சின்னவர்கள் முழங்காலிட்டுக் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு இரண்டு வார்த்தை பேசலாம். வராமலே போனால், "வருஷத்தை நல்லபடி கழித்தீர்களா?" என்று சின்னவர் மெதுவாகக் கேட்கலாமாம், அதற்கு இடமுண்டு. "அப்படி ஆயிட்டா நீ கேட்டுடு, தயங்காதே" என்று ஜூன் அவளிடம் சொன்னான்.

பிறகு என் பக்கம் திரும்பினான். அன்றைக்கு எங்களுக்கும் அவர்கள் செபே செய்வார்கள். நாங்கள் தொக்தாம் சொல்ல வேண்டும். அதற்கான வாக்கியம்: "சேஹே போங் மானி பாதாரா." புத்தாண்டில் நிறைய பாக்கியம் பெறு என்று அர்த்தம். மருமகனுக்கென்று இதைவிடக் கொஞ்சம் மரியாதை கூட்டிய முடிவு ஒன்று இருக்கிறதாம். "ஆனா அத்தே, நான் மகன். பாதாரா போதும்" என்றான். அந்த ஒரு பேச்சுக்காகவே அதை நான் மனப்பாடம் செய்தேன். விளக்கேற்றும்போது பாதாரா, கீரை ஆயும்போது பாதாரா. என் வீட்டுக்காரர், "என்ன, சாமிக்குப் புது மந்திரமா?" என்றார்.

5

சம்பந்தியம்மா பெருநாளுக்கு முதல் நாள் பிற்பகலில் வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது, என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நிமிர்ந்த முதுகு, வெட்டிய நரைமுடி, சாம்பல் நிறச் சட்டை. நான் ஆலத்தித் தட்டோடு மலர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தார். எனக்குப் பேச வேறு என்ன தெரியும்? இரண்டு வாரமாகச் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே ஒட்டியிருந்தது. தட்டைச் சுற்றிக்கொண்டே, வாய் நிறையச் சிரித்து, சத்தமாகச் சொன்னேன்:

"சேஹே போங் மானி பாதாரா!"

ஜூன் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தான். சம்பந்தியம்மா என்னை ஒரு நொடி பார்த்தார். லேசாகத் தலையைச் சாய்த்து, "யே", அதாவது ஆமாம், என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"மா, என்ன சொல்லிட்டீங்க!" மலர் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்தாள்.

"வாழ்த்துதானேடி சொன்னேன்?"

"அது பெரியவங்க சின்னவங்களுக்குச் சொல்றதுமா! 'ஏய், நல்லா இருடி'ன்னு சொன்ன மாதிரிலா. அதுவும் சம்பந்திகிட்ட! இவங்க ஊர்ல சம்பந்தின்னா ரொம்ப ரொம்ப மரியாதையாப் பேசணும். அவங்களுக்கு 'பாதுசிப்சியோ'ன்னு முடிக்கணும்."

ஒரே வாக்கியந்தான். பாதாரா என்றால் பெறு. பாதுசேயோ என்றால் பெறுங்கள். பாதுசிப்சியோ இன்னும் ஒரு படி மேலே. வாலில் இருக்கிறது மரியாதை. நம்மிடம் மட்டும் என்ன? "வா"வுக்கும் "வாங்க"வுக்கும் நடுவில் எத்தனை கல்யாணம் நின்றுபோயிருக்கிறது! அது தெரிந்தவள் நான், இதைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தது கீழே இறங்குகிற சொல். மேலே ஏறுகிற சொல் ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அவங்க நாளைக்கு உட்கார மாட்டாங்கமா" என்றாள் மலர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

என் வீட்டுக்காரர் நிலைமை புரியாமல், "மொதல் நாளே சம்பந்தியம்மாவ வாடி போடின்னுட்டியா? நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல பழகுனதா?" என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்து வெளியே போய் காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் நாங்கள் புறப்படும்போது பிள்ளைகள் வழக்கம்போல என்னிடம் திருநீறு வாங்க வந்தார்கள். நான் அந்த வீட்டுக்குப் போனால் கோயில் திருநீறு இல்லாமல் போகமாட்டேன். இரண்டு பேரும் குனிந்தார்கள். பூசிவிட்டு, "நல்லா இருங்க" என்றேன். நிமிர்ந்தால், அறை வாசலில் சம்பந்தியம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜூனிடம் ஏதோ கேட்டார். அவன் பதில் சொன்னான். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காரில் வீடு திரும்பும் வழியெல்லாம் "பாதுசிப்சியோ, பாதுசிப்சியோ" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

6

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனோம். தெருவில் சீனர் வீடுகளில் பட்டாசு. வீட்டுக்குள் சூப் வாசனை. அரிசிமாவுக் கட்டியை மெல்லிசாக வெட்டிப் போட்ட சூப். அதைச் சாப்பிட்டால்தான் ஒரு வயது கூடியதாகக் கணக்காம். அதை மாட்டிறைச்சி போட்டுத்தான் செய்வார்கள் என்று மலர் முன்பே சொல்லியிருந்ததால், தொடாமல் எப்படித் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். நெத்திலி கொதித்துக்கொண்டிருந்தது.

"அவங்களே ஜூன்கிட்ட கேட்டாங்கமா, உங்க வீட்ல என்ன சாப்பிட மாட்டாங்கன்னு. விடியக்காலைல எந்திரிச்சு அவங்களே வச்சாங்க" என்று மலர் காதோடு சொன்னாள். நேற்று அப்படி ஒரு வார்த்தை கேட்ட மனுஷி! எனக்குத் தலை குனிந்தது.

காலமான சம்பந்தியின், அதாவது ஜூனுடைய அப்பாவின், படத்துக்குப் பழம், சூப் எல்லாம் வைத்து, ஜூனும் மலரும் இரண்டு தடவை விழுந்து கும்பிட்டார்கள். நானும் அந்தப் படத்தைக் கும்பிட்டேன். கும்பிட எல்லாரும் நமக்குப் பொதுதானே.

பிறகு கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் மெத்தை ஒன்றைப் போட்டார்கள். மலர் நான் எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் இருந்தாள். ஜூன் பக்கத்தில். இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது. மெத்தை காலியாகக் கிடந்தது. மாரியம்மா, மாரியம்மா என்று மனசு அடித்துக்கொண்டது.

சம்பந்தியம்மா அடுப்படியிலிருந்து வந்தார். மெத்தைப் பக்கம் போகவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்றார். வலது கையை இடது கைமேல் வைத்து, என்னைப் பார்த்தபடியே கீழே இறங்க ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"மா, நீங்களும்! சம்பந்திங்க ஒருத்தருக்கொருத்தர் கும்பிடணும்!" என்றாள் மலர்.

என் முழங்கால் மடங்கவே மடங்காது. அன்றைக்கு மடங்கியது. இருவரும் எதிரெதிரே குனிந்தோம். அவர் நிமிர்ந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, "சேஹே போங் மானி… பாது… சிப்… சியோ" என்றார்.

"பாதுசிப்சியோ" என்றேன் நான். எத்தனை தடவை சொல்லிப் பார்த்தும் கடைசியில் நாக்கு குழறியது. அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். என்னைவிட மூத்தவர், என் தவறைத் திருத்துவதற்காக எனக்கு முன்னாலேயே தரையில் இறங்கிவிட்டார்! இந்த மாதிரித் திருத்தம் நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை.

பிறகு எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். போய் மெத்தையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்துவிட்டார்!

மலரும் ஜூனும் முன்னால் வந்து நின்றார்கள். வலது கை மேலே. நெற்றிவரை. இடது முழங்கால், வலது முழங்கால். சேலை மடிப்பு தரையில் விரிந்தது. குனிந்தாள். எழுந்தாள். மறுபடி முழங்காலிட்டு, கண்ணைத் தாழ்த்திக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை இல்லை.

அவர் மகனைப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் "பாதாரா" காதில் விழுந்தது. அது அவனுக்கான தொக்தாம். பிறகு மலரைப் பார்த்தார். பேசவில்லை. வெளியே ஒரு சரவெடி வெடித்து ஓய்ந்தது. இன்னும் பேசவில்லை. "வருஷத்தை நல்லபடி கழித்தீர்களா என்று கேளேண்டி, அதற்கு இடமுண்டு என்றானே" என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். மலர் கேட்கவில்லை. வாழ்த்து வந்தால் வரட்டும், பிடுங்கி வாங்கமாட்டேன் என்பது போல அப்படியே இருந்தாள். என் வயிற்றில் பிறந்தவளுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

சம்பந்தியம்மா உதட்டை ஒரு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"மலர்… நல்லா… இருங்கா."

பிறகு சொன்னது போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தடவை, சரியாகவே சொன்னார்: "மலர், நல்லா இருங்க."

முதல் நாள் நான் திருநீறு பூசியபோது காதில் விழுந்ததை, அது என்ன என்று மகனிடம் கேட்டு, சூப் வைத்துக்கொண்டே சொல்லிப் பழகியிருக்கிறார். அவர் நின்று பார்த்தது அதற்குத்தான். நான் இரண்டு பேருக்குச் சொன்ன "இருங்க" அது. அதை அப்படியே எடுத்து ஒற்றை மருமகளுக்குச் சொல்லிவிட்டார். நான் சம்பந்தியை இறக்கிப் பேசினேன். அவர் மருமகளை ஏற்றிப் பேசிவிட்டார்.

"ஓமா, 'இருங்க' இல்ல, 'இரு'…" என்று ஜூன் தன் அம்மாவிடம் ஆரம்பித்தான். நான் கையைத் தூக்கினேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மலர் மாமியாரை "ஓமோனிம்", அதாவது அத்தை, என்று கூப்பிட்டுக் கொரிய மொழியில் பதில் சொன்னாள். நூறு வயது வாழ வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த வருஷம் நிறைய இடம் சுற்றிப் பார்க்க வேண்டும், அடுத்த தடவை நான் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாளாம். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்த அம்மாள் கையை நீட்டி, அவள் நெற்றியில் கலைந்திருந்த திருநீற்றை விரலால் சரிசெய்தார்.

அடுத்து அவர்கள் எங்களுக்குச் செபே செய்தார்கள். என் வீட்டுக்காரர் மெத்தையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சேஹே போங் மானி பாதாரா." இந்தத் தடவை சரியான இடத்தில். சம்பந்தியம்மா பக்கத்திலிருந்து பலமாகத் தலையாட்டினார்.

அவர் ஊருக்குப் போய் ஒரு வாரமாகிறது. நேற்று மலரைப் பார்க்கப் போயிருந்தபோது அவரிடமிருந்து அழைப்பு வந்தது. இருவரும் கொரிய மொழியில் ஏதோ பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வைப்பதற்கு முன்னால் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டது: "மலர், நல்லா இருங்க."

"சரிங்க, ஓமோனிம்" என்றாள் என் மகள். அவளும் திருத்தவில்லை.